z முதல் 1/z வரை

அந்த மே மாதம் நான் திருத்திய பேப்பர்களில் ஒன்று என் தோழியுடையது. திருத்தும்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே சொல்லிக்கொள்ளும்படியான காரியம் எதுவும் செய்யவில்லை.

நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள். உசிலம்பட்டிப் பக்கம் வேலை, வில்லாபுரத்தில் வாடகை வீடு. வருஷத்துக்கு இரண்டு முறை விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போக வேண்டும். மதுரைக்குள் ஒரு கல்லூரியின் பெரிய ஹாலில் நீள நீளமாக மேசைகளைப் போட்டு, ஒவ்வொரு மேசைக்கும் ஆறு பேரை உட்கார வைப்பார்கள். மாணவர் பெயர், பதிவு எண் எல்லாம் கிழித்து எடுக்கப்பட்டு, பேப்பரில் வேறொரு எண் ஒட்டியிருக்கும். யாருடையது என்று நமக்குத் தெரியக்கூடாது, யார் திருத்தினார் என்று அவர்களுக்கும் தெரியக்கூடாது. மேசைக்கு ஒரு தலைமைத் திருத்துநர் இருப்பார். மதிப்பெண் எப்படிப் போட வேண்டும் என்ற குறிப்பு அவர் கையில் இருக்கும். காலையில் ஒரு கட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டு. வேகமாகத் திருத்துகிறவள் என்று எனக்கு முகாமில் பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அன்றைக்கு வந்தது எம்.எஸ்ஸி. கணிதத்தின் புள்ளியியல் தாள். பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்தவர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்து நடத்திய தேர்வு. அதில் ஒரு பத்து மார்க் கேள்வி: X, Y இரண்டும் ஒன்றையொன்று சாராத மாறிகள், இரண்டும் பூஜ்யம் முதல் ஒன்று வரை சீராகப் பரவியவை, XY என்ற பெருக்கலின் அடர்த்தியை மாறிகளை மாற்றும் முறையில் காண்க.

வருஷா வருஷம் வகுப்பில் போடுகிற கணக்குதான். பெருக்கலை z என்று வைத்துக்கொள்கிறோம். ஒரு மாறி z ஆகிவிட்டால் துணைக்கு இன்னொன்று வேண்டும், அதற்கு Y-யையே எடுத்து w என்கிறோம். அப்போது x என்பது z/w. பழைய மாறிகளிலிருந்து புதியவற்றுக்குப் போகும்போது பரப்பு எவ்வளவு சுருங்குகிறது, விரிகிறது என்று சொல்லும் ஜேகோபியன் 1/w. x ஒன்றைத் தாண்டக்கூடாது, ஆகவே w எப்போதும் z-க்கு மேலேதான் இருக்க வேண்டும். 1/w-ஐ z-லிருந்து 1 வரை தொகையிட்டால் −log z. முடிந்தது. ஒன்றுக்குக் கீழே உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் இரண்டையும்விடச் சின்னதாகத்தான் வரும். அதனால் பெருக்கல் எல்லாம் பூஜ்யத்துப் பக்கமாகப் போய்க் குவிந்துகொள்ளும். −log z அதைத்தான் சொல்கிறது.

பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்றே ஒன்று, தொகையீட்டின் எல்லை. கேள்வியில் பூஜ்யம் முதல் ஒன்று என்று இருக்கிறதே என்று w-க்கும் பூஜ்யம் முதல் ஒன்று என்றே போட்டுவிடுவார்கள். போட்டால் தொகை முடிவிலிக்கு ஓடிவிடும். ஓடினால் அவர்களுக்கு என்ன? விடை −log z என்று நெட்டுருப் போட்டு வைத்திருப்பார்கள். அடுத்த வரியில் கூச்சமே இல்லாமல் அதை எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துவிடுவார்கள்.

அதனால் எங்கள் தலைமைத் திருத்துநர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"லிமிட்டப் பாருங்க. z-லருந்து ஒண்ணு வரைக்கும் இருக்கணும். லிமிட்டு தப்பா இருந்து ஆன்சர் மட்டும் சரியா இருந்தா மனப்பாடம்னு அர்த்தம். ரெண்டு மார்க்குப் போடுங்க, போதும்."

நல்ல விதி என்றுதான் எனக்கும் பட்டது. மத்தியானத்துக்குள் அப்படிப் பதினைந்து இருபது பேப்பர் பார்த்துவிட்டேன். கை தானாக ஓட ஆரம்பித்தது. கேள்வி எண்ணைப் பார், கடைசி வரியைப் பார், அதற்கு மேலே தொகைக் குறியைப் பார், எல்லையைப் பார். சரியென்றால் பத்து, இல்லையென்றால் இரண்டு. மின்விசிறி சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் வத்தல் குழம்பு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நாலு மணிக்குள் கட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தப் பேப்பரில் எல்லை z முதல் 1/z வரை என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. z ஒன்றுக்குக் கீழே என்றால் 1/z ஒன்றுக்கு மேலே. ஒன்றைத் தாண்டவே முடியாத மாறிக்கு ஒன்றுக்கு மேலே எல்லை! அதற்கும் கீழே அச்சடித்த மாதிரி −log z. இதுவரை பார்த்த மனப்பாடத்தில் இதுதான் புது ரகம் என்று நினைத்தேன். 1/z-ஐச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டேன். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். தொகையீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். இரண்டு மார்க். பக்கத்தைத் திருப்பினேன். எல்லாம் சேர்ந்து அரை நிமிஷம் ஆகியிருக்காது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தோழி வில்லாபுரம் வீட்டுக்கு வந்தாள்.

எம்.எஸ்ஸி.யில் நாங்கள் ஒரே வகுப்பு, ஹாஸ்டலில் ஒரே அறை. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். சும்மா சொல்லவில்லை, அப்போதே எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் வருஷம் தொடங்கும் முன்னாலேயே கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். புள்ளியியல் பரீட்சை நடந்த வாரம் பிரசவ வார்டில் படுத்திருந்தாள். அந்த ஒரு தாள் அப்படியே நின்றுபோனது. பிறகு கைப்பிள்ளையோடு இரண்டு முறை எழுதினாள், தேறவில்லை. அப்புறம் இன்னொரு பிள்ளை, படுத்த படுக்கையாக மாமனார் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்று, பன்னிரண்டுக்குக் கணக்கு எடுக்கிற ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், எம்.எஸ்ஸி. முடித்துக் காட்டினால் அந்த இடம் உனக்குத்தான் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கடைசி வாய்ப்புத் தேர்வை அவள் எழுதியது அதற்காகத்தான். எழுதப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். போனில் வாழ்த்துக்கூடச் சொன்னேன்.

"போயிருச்சுடி," என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "முப்பத்தெட்டு எடுத்தா பாஸு. முப்பத்திமூணு."

விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கியிருந்தாள். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஒரே ஒரு கணக்குதான் எனக்குப் புரியல. நீ பாரு. சரியா தப்பா, அத மட்டும் சொல்லு."

நான் காபி போட எழுந்தவள், பக்கத்தைப் பார்த்தேன். நகலில் சிவப்பு இருக்காது, எல்லாம் கறுப்புதான். ஒரு எல்லையைச் சுற்றி வட்டம். குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் புள்ளி இல்லாத ஒரு கேள்விக்குறி.

கேள்விக்குறிக்குக் கீழே புள்ளி வைக்க எனக்குக் கை வராது. பேனாவைத் தூக்கி மறுபடி வைக்கிற அந்த நேரத்துக்குக்கூட எனக்குப் பொறுமை கிடையாது.

உட்கார்ந்தேன். இந்த முறை முதல் வரியிலிருந்து படித்தேன்.

z = xy என்று ஆரம்பித்திருந்தாள். துணை மாறிக்கு எல்லோரையும் போல y-யை எடுக்கவில்லை. v = x/y என்று வைத்திருந்தாள். பெருக்கல் ஒன்று, வகுத்தல் ஒன்று. அப்போது x என்பது zv-யின் வர்க்கமூலம், y என்பது z/v-யின் வர்க்கமூலம். ஜேகோபியன் 1/2v. x ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டுமென்றால் v, 1/z-க்குக் கீழே இருக்க வேண்டும். y ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டுமென்றால் v, z-க்கு மேலே இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி வரியில், அடிக்கோட்டுடன் எழுதியிருந்தாள். v ஒரு வகுத்தல், அது ஒன்றைத் தாராளமாகத் தாண்டலாம். 1/2v-யை z முதல் 1/z வரை தொகையிட்டால் பாதி log(1/z), அதில் கழிக்கப் பாதி log z. இரண்டும் சேர்ந்து −log z. ஒரு எழுத்துப் பிசகில்லை. குறிப்பில் இருந்த வழியைவிட இது அழகு, x-க்கும் y-க்கும் ஒரே மரியாதை.

ஹாஸ்டலிலேயே அவள் இப்படித்தான். "அதென்ன Y-ய மட்டும் கூட வச்சுக்கிறது, X என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். பல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்பாள். இந்த வழியில் கணக்குப் போடுகிற ஒருத்தியைத்தான் எனக்கு இந்த உலகத்தில் தெரியும். அவள் எழுத்தையும் தெரியும். அந்த மத்தியானம் இரண்டையும் நான் பார்க்கவில்லை.

"சரிதான்," என்றேன். "முழுக்கச் சரி. பத்துக்குப் பத்து."

"ஏழு போட்டிருந்தாக்கூடப் பாஸுடி."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக நான் சொன்னது இது:

"எந்தக் கழுத திருத்துச்சோ தெரியல. ரீவேல்யுவேஷன் போடு. கண்டிப்பா வந்துரும்."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. காபியைக் குடித்தாள், நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள், பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று, "வேற ஒண்ணும் இல்லையில்ல?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மனசுக்குள்ளேதான். 'இந்த எண்ணுள்ள விடைத்தாளைத் திருத்தியவள் நான். மாற்று முறையைக் கவனிக்காமல் தவறாக அடித்துவிட்டேன்.' மூன்று வரி. அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். திருத்துநருக்கும் தேர்வருக்கும் தொடர்பு இருந்தது என்றால் அவளுடைய தேர்வையே நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள், அவளுக்கே அது கெடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை இருந்தது. அதைவிடப் பெரிய உண்மை, என் வேலை நிரந்தரம் ஆகாத வேலை என்பது. திருத்தத் தெரியாதவள் என்று முகாமில் பேசிக்கொள்வார்களே என்ற கூச்சம் அதையும்விடப் பெரியது. வேகமாகத் திருத்துகிறவள் என்ற பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. வேறொருவர் பார்ப்பார், வரி வரியாகப் படிப்பார், பத்து போட்டுவிடுவார், விஷயம் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு கடைசியில் மறுமதிப்பீடு வந்தது. மாற்றம் இல்லை.

இரண்டாவதாகத் திருத்தியவரை நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் போட்ட மொத்த மதிப்பெண்ணை மறைத்துத்தான் அவரிடம் கொடுப்பார்கள். ஆனால் உள்ளே என் சிவப்பு வட்டம் இருந்தது, என் கோடு இருந்தது. கையில் அதே குறிப்பு, அதில் z முதல் 1 வரை என்று இருந்தது. அவருக்கும் ஒரு கட்டு, அவருக்கும் நாலு மணி. இரண்டு பேர் ஒருவரையொருவர் சாராமல் ஒரே தப்பைச் செய்வது அபூர்வம் என்று வகுப்பில் நான்தான் பாடம் எடுக்கிறேன். இங்கே இரண்டாமவர் என்னைச் சார்ந்துதான் இருந்தார். என் கோட்டைப் பார்த்துத்தான் அவர் பேனா போயிருக்கும்.

கடைசி வாய்ப்பு அது. இனி அந்தப் பாடத்திட்டத்துக்குத் தேர்வு கிடையாது. எம்.எஸ்ஸி. வேண்டுமென்றால் முதல் தாளிலிருந்து மறுபடி சேர்ந்து படிக்க வேண்டும். பள்ளிக்கூடம் அதுவரை காத்திருக்கவில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேறொருவரைப் போட்டுவிட்டார்கள்.

போனில் அவள் இதையெல்லாம் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. மழை இல்லை, தண்ணீர் லாரி வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான் டி. கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பஸ்ஸில் முழு நேரமும் முதல் வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தேன். திருமங்கலம் தாண்டியதும் அது எனக்கே நாடக வசனம் மாதிரிக் கேட்டது.

காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமலே சொன்னேன்.

"ஒம் பேப்பரத் திருத்துனது நாந்தான்."

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடினாள்.

"தெரியும்."

"எப்படி?"

"ஹாஸ்டல்ல எம் நோட்டுல எத்தன தடவ அந்தக் கேள்விக்குறியப் போட்டிருக்க. புள்ளி வைக்கக்கூட ஒனக்கு நேரமிருக்காதுன்னு நான் எம்புட்டுக் கேலி பண்ணிருக்கேன். நகலப் பிரிச்ச ஒடனே தெரிஞ்சிருச்சு. அதான் ஒங்கிட்டக் கொண்டுவந்தேன்."

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தப்பு யாருக்குத்தான் வரல? நானும் திருத்துறவதான். நீ பாத்த ஒடனே, அய்யய்யோ நாந்தாண்டி போட்டேன்னு சொல்லுவ, ரெண்டு பேரும் சேந்து என்ன செய்யலாம்னு யோசிப்போம்னுதான் வந்தேன். சரின்னு சொன்ன. சந்தோசமா இருந்துச்சு. அப்பறம் எந்தக் கழுதன்னு கேட்ட பாரு. ஒன்னய நீயே திட்டிக்கிறியேன்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு." பேப்பர் கட்டை நேராக அடுக்கினாள். "பஸ்ஸுல ஏறுனப்பறந்தான் அழுக வந்துச்சு. வாசல்ல வச்சு இன்னொரு தடவையும் கேட்டேனே."

"இப்ப எழுதிக் கொடுக்கிறேன்டி. நேர்லயே போறேன்."

"எல்லாம் முடிஞ்சுபோச்சு. இப்ப எழுதுனா ஒன் வேலையுஞ் சேந்து போகும். அம்புட்டுத்தான்." அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நான் அழுதேன். அவள் சமாதானப்படுத்தவில்லை, போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பேனாவைத் திறந்து, விட்ட பேப்பரை எடுத்துக்கொண்டாள். ஏதோ ஒரு பையன் வட்டத்தின் பரப்பைத் தலைகீழாகப் போட்டு வைத்திருந்தான். அவள் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை வைத்துக்கொண்டு போனாள். கடைசி வரை போய், திரும்ப நடுவில் வந்து, ஒரு இடத்தில் அரை மார்க் போட்டாள். அந்த ஒரு கணக்குக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் நாலு பேப்பர் முடித்திருப்பேன்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. என்ன ருசி என்று இப்போது நினைவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மதுரை பஸ் வருகிற பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த கேம்ப்பு எப்ப?" என்று கேட்டாள்.

"டிசம்பர்ல."

"போவியா?"

"போகணும். ஆர்டர் வரும்."

பஸ் வந்துவிட்டது. என் பையை வாங்கிப் படியில் வைத்தாள்.

"மொத வரியிலருந்து படிடி," என்றாள். "என்னய மாதிரி எவளாவது எழுதியிருப்பா."

நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் ரோட்டைக் கடந்து பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.